நாகை எப்படி கடைசிக்கு முந்தைய இடத்துக்குப் போனது? மாவட்டங்களின் பெரிது-சிறிது வரிசை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்குச் சொந்த ஊர் மயிலாடுதுறைப் பக்கம். பள்ளியில் படித்த காலத்தில் என் விலாசத்தில் தஞ்சாவூர் மாவட்டம் என்று இருந்தது. கல்லூரிக்குப் போனபோது அது நாகப்பட்டினம் மாவட்டம் ஆனது, இப்போது மயிலாடுதுறை மாவட்டம். வீடு மாறவில்லை, வாசல் வேப்பமரமும் அதே இடத்தில்தான் நிற்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் தெருப் பிள்ளைகள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் டெல்டாவிலிருந்துதான். எனக்குத் தெரிந்த மண் அது, வரிசை குலைந்த கதையும் அங்கேதான் நன்றாகத் தெரிகிறது.

இப்போது தமிழ்நாட்டில் பெரிய மாவட்டம் எது, சிறிய மாவட்டம் எது?

மக்கள்தொகையில் பெரியது சென்னை, சிறியது பெரம்பலூர். பரப்பளவில் சிறியதும் சென்னைதான், 426 சதுர கிலோமீட்டர். பரப்பில் பெரியது எது என்று கேட்டால் பெரும்பாலானோர் திண்டுக்கல் என்பார்கள். அந்தப் பதிலில் ஒரு சிக்கல் இருக்கிறது, கீழே தனியாகச் சொல்கிறேன்.

சென்னை ஒரு பட்டியலில் தலையிலும் இன்னொன்றில் காலிலும் நிற்பதைக் கவனியுங்கள். "பெரிய மாவட்டம்" என்று மொட்டையாகக் கேட்டால் பதிலே கிடையாது. எதில் பெரியது, எந்த ஆண்டுக் கணக்கில், எத்தனை மாவட்டங்கள் இருந்தபோது என்ற மூன்றும் தெரிந்தால்தான் வரிசை சொல்ல முடியும்.

2011 பட்டியலில் நாகை 23-ஆவது இடத்தில் இருக்கிறது. புதுப் பட்டியலில் 37 என்று போட்டிருக்கிறார்கள். மக்கள் ஊரைக் காலி செய்துவிட்டார்களா?

யாரும் போகவில்லை, கோடுதான் நகர்ந்தது.

2011 கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் 16,16,450 பேர், வரிசையில் 23-ஆவது இடம். 2020 டிசம்பர் 28 அன்று மயிலாடுதுறை தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. மயிலாடுதுறை, சீர்காழி, தரங்கம்பாடி, குத்தாலம் ஆகிய நான்கு வட்டங்கள் இந்தப் பக்கம் வந்தன. நாகப்பட்டினம், கீழ்வேளூர், திருக்குவளை, வேதாரண்யம் அந்தப் பக்கம் நின்றன.

இனி கணக்கைப் பாருங்கள். கையில் இருப்பது 2011-இன் தலைக்கணக்கு மட்டும்தான். அந்தத் தலைகளைப் புதிய கோட்டின்படி பிரித்தால் மயிலாடுதுறைக்குச் சுமார் 9 லட்சத்து 18 ஆயிரம் பேர், நாகைக்குச் சுமார் 6 லட்சத்து 98 ஆயிரம் பேர். நீலகிரியில் 7,35,394 பேர், அரியலூரில் 7,54,894 பேர், பெரம்பலூரில் 5,65,223 பேர். நாகை நீலகிரிக்கும் கீழே இறங்கிவிட்டது, அதற்கும் கீழே பெரம்பலூர் மட்டும்தான். ஆக 38 மாவட்டங்களில் 37-ஆவது இடம். மயிலாடுதுறை 34-ஆவது இடத்தில் நுழைந்தது.

பரப்பளவிலும் இதே கதைதான். 2011-இன் 32 மாவட்டங்களில் சென்னைக்கு அடுத்த சிறிய மாவட்டம் கன்னியாகுமரி. மயிலாடுதுறை சுமார் 1,172 சதுர கிலோமீட்டர், மிச்ச நாகை சுமார் 1,397. கன்னியாகுமரி 1,600-க்கும் மேல். அதனால் சென்னைக்கு அடுத்த இரண்டு சிறிய மாவட்டங்களும் இப்போது நம் டெல்டாவில்தான் இருக்கின்றன. கன்னியாகுமரி ஒரு அடி மண்ணைக்கூட இழக்கவோ பெறவோ இல்லை, ஆனாலும் சிறியவற்றில் இரண்டாவது என்ற இடம் இப்போது அதற்கு இல்லை. பழைய வினா-விடைப் புத்தகத்தை வைத்துப் படிப்பவர் இங்கேதான் மாட்டுவார்.

அப்படியானால் திருவாரூர்? அதைப் பிரிக்கவே இல்லையே, அதன் இடமும் மாறியிருக்கிறதே.

12,64,277 பேருடன் 32-இல் 27-ஆவதாக இருந்தது. அதே எண்ணோடு 38-இல் இப்போது 28-ஆவது. ஒரு படி இறங்கியது போலத் தோன்றும். கீழிருந்து எண்ணிப் பாருங்கள்: முன்பு அடியிலிருந்து ஆறாவது, இப்போது பதினொன்றாவது. பெரிய மாவட்டங்களை உடைத்ததால் மயிலாடுதுறை, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று சிறியவை பல திருவாரூருக்குக் கீழே வந்து சேர்ந்துவிட்டன. மொத்தம் எத்தனை என்று சொல்லாமல் இட எண்ணை மட்டும் சொன்னால் ஏறினோமா இறங்கினோமா என்பதே தெரியாது.

தஞ்சாவூரைப் பிரிக்காமல் விட்டிருந்தால் எந்த இடத்தில் இருக்கும்?

2011 பட்டியலில் முதல் இடத்தில்.

இதை முதல் தடவை கூட்டிப் பார்த்தபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை. 2011 கணக்கில் தஞ்சாவூர் 24,05,890, நாகை 16,16,450, திருவாரூர் 12,64,277. மூன்றையும் கூட்டினால் 52,86,617. அந்த ஆண்டு முதலிடத்தில் இருந்த சென்னை 46,46,732. ஆறு லட்சத்துக்கும் மேல் வித்தியாசம்!

1991 மார்ச்சில் கணக்கெடுத்தபோது தஞ்சாவூர் ஒரே மாவட்டமாகத்தான் இருந்தது. சுமார் 45 லட்சம் பேர். அப்போதைய சென்னை மாவட்டம் 38 லட்சம். கணக்கு எடுத்து முடித்து ஏழு மாதம் கழித்து, அதே ஆண்டு அக்டோபரில், நாகை பிரிந்தது. 1997 ஜனவரி 1-இல் திருவாரூர் பிரிந்தது. இன்னும் பின்னால் போனால், 1974-இல் புதுக்கோட்டை உருவானபோதும் தஞ்சாவூரிலிருந்து கொஞ்சம் போயிருக்கிறது.

அதனால்தான் பழைய ஆண்டின் எண்ணை எடுக்கும்போது கவனம் தேவை. "1991-இல் தஞ்சாவூர் மக்கள்தொகை" என்று தேடினால் 45 லட்சமும் கிடைக்கும், 20 லட்சத்துச் சொச்சமும் கிடைக்கும். முதலாவது அன்றைய எல்லைப்படி. இரண்டாவது, பின்னால் வந்த எல்லைக்கு ஏற்ப 1991 தலைகளைத் திருத்தி அடுக்கியது. இரண்டுமே சரி. ஆனால் அன்றைய 45 லட்சத்தையும் 2011-இன் 24 லட்சத்தையும் பக்கத்தில் வைத்து "தஞ்சாவூரில் பாதிப் பேர் குறைந்துவிட்டார்கள்" என்று யாராவது எழுதினால், அது தப்பு.

பிரிக்காமலேயே ஒரு மாவட்டம் இன்னொன்றை முந்தியதுண்டா?

உண்டு, நம் பக்கத்து வீட்டிலேயே. 2001-இல் நாகையில் 14,88,839 பேர், புதுக்கோட்டையில் 14,59,601 பேர். நாகை முன்னால். பத்து ஆண்டு கழித்து நாகை 16,16,450, புதுக்கோட்டை 16,18,345. புதுக்கோட்டை 1,895 பேர் வித்தியாசத்தில் முந்திவிட்டது. ஒரு நடுத்தர ஊராட்சியின் ஆள் கணக்குதான் அது.

அந்தப் பத்து ஆண்டில் தமிழ்நாடு சுமார் 15.6 சதவீதம் வளர்ந்தது. தஞ்சாவூர், நாகை, திருவாரூர் மூன்றும் எட்டு, எட்டரை சதவீதத்தில் நின்றன. புதுக்கோட்டைக்கு ஏறக்குறைய பதினொன்று. டெல்டாவில் பிறப்பு குறைந்ததும் ஒரு காரணம், வேலைக்கு வெளியே போனதும் ஒரு காரணம்.

வெளியே போனவரை எங்கே எண்ணுவார்கள் என்பது முக்கியம். 2011-இல் பிப்ரவரி 9 முதல் 28 வரை எண்ணினார்கள். அந்த நாட்களில் ஒருவர் வழக்கமாக எங்கே தங்கியிருக்கிறாரோ அங்கேதான் அவர் பெயர் சேரும். மன்னார்குடிப் பையன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் அறை எடுத்துத் தங்கியிருந்தால் அவன் திருப்பூர்க் கணக்கு. சிங்கப்பூரில் இருந்தால் எந்த மாவட்டக் கணக்கிலும் இல்லை. குடும்ப அட்டையில் பேர் இருக்கிறதே, வாக்காளர் பட்டியலில் இருக்கிறதே என்பதெல்லாம் இங்கே செல்லாது. பொங்கலுக்கு ஊருக்கு வந்துவிட்டு மாதம் முடிவதற்குள் திரும்பிப் போனவர்களும் கணக்கில் விழ மாட்டார்கள்.

ஒரே கணக்கெடுப்புக்கு இரண்டு விதமான வரிசை பார்த்தேன். கோயம்புத்தூர் முன்னாலா, விழுப்புரம் முன்னாலா?

தற்காலிக எண்ணில் கோயம்புத்தூர், இறுதி எண்ணில் விழுப்புரம்.

கணக்கெடுப்பு முடிந்த சில வாரங்களில் மேலோட்டமான கூட்டுத்தொகையை வெளியிடுவார்கள். அதற்குப் பெயர் தற்காலிக மக்கள்தொகை. அப்புறம் ஒவ்வொரு படிவத்தையும் சரிபார்த்து, விட்டதைச் சேர்த்து, இரட்டிப்பை நீக்கி இறுதி எண் வரும். 2011-இல் தற்காலிகமாகக் கோயம்புத்தூர் 34,72,578, விழுப்புரம் 34,63,284. இறுதியில் கோயம்புத்தூர் 34,58,045, விழுப்புரம் 34,58,873. இரண்டுமே குறைந்தன, ஆனால் கோயம்புத்தூர் அதிகமாகக் குறைந்தது. கடைசியில் 828 பேரில் இடம் மாறிவிட்டது.

இணையத்தில் பல பக்கங்கள் தற்காலிக எண்ணோடு நின்றுவிட்டன. எந்த எண் என்று கண்டுபிடிக்க ஒரு சுருக்கு வழி: சென்னைக்கு 46,81,087 என்று போட்டிருந்தால் அது தற்காலிகப் பட்டியல். 46,46,732 என்றால் இறுதிப் பட்டியல்.

பரப்பளவு என்பது அளந்து வைத்த நிலம்தானே. அதில் எப்படிக் குழப்பம் வரும்?

தலையை எண்ணுவதைவிட நிலத்தை அளப்பதில்தான் குழப்பம் அதிகம் என்பது என் அனுபவம்.

நாகையையே எடுத்துக்கொள்வோம். பிரிவதற்கு முந்தைய நாகையின் பரப்பு 2,715 சதுர கிலோமீட்டர் என்று நிறைய இடங்களில் இருக்கும். ஆனால் மயிலாடுதுறையின் 1,172-ஐயும் மிச்ச நாகையின் 1,397-ஐயும் கூட்டினால் 2,569தான் வருகிறது. நூற்று நாற்பத்துச் சொச்சம் சதுர கிலோமீட்டர் எங்கே போயிற்று? ஏறக்குறைய ஒரு காரைக்கால் அளவு நிலம் அது! கடல் அரித்துக்கொண்டு போகவில்லை. இரண்டும் இரண்டு ஏட்டிலிருந்து வந்த எண்கள்.

ஒரு ஏடு வருவாய்த் துறையுடையது. ஒவ்வொரு வருவாய் கிராமத்தின் பரப்பையும் கூட்டிக்கொண்டே போனால் வட்டம் வரும், வட்டங்களைக் கூட்டினால் மாவட்டம் வரும். இன்னொன்று நில அளவைத் துறை வரைபடத்திலிருந்து மொத்தமாகக் கணக்கிடுவது. கிராமக் கணக்கில் சேராத காடு, ஆற்றுப்படுகை, சதுப்பு, கடலோரப் புறம்போக்கு இவற்றை ஒருவர் சேர்ப்பார், ஒருவர் விடுவார். டெல்டாவில் ஆறும் கழிமுகமும் சதுப்பும் அதிகம் என்பதால் இடைவெளிக்கும் இங்கே இடம் அதிகம். கணக்கெடுப்பு நூல்களே கிராமப் பரப்பின் கூட்டுத்தொகை மாவட்டப் பரப்போடு ஒத்துப்போகாமல் இருக்கலாம் என்று அடிக்குறிப்பு போடும். அந்த அடிக்குறிப்பை யார் படிக்கிறார்கள்?

எந்தப் பரப்பளவைக் கணக்கெடுப்பில் பயன்படுத்தினார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அடர்த்தியை வைத்துத் திரும்பக் கணக்குப் போடுங்கள். அடர்த்தி என்பது ஆட்களைப் பரப்பால் வகுத்தது. ஆகவே ஆட்களை அடர்த்தியால் வகுத்தால் அவர்கள் பயன்படுத்திய பரப்பு கிடைத்துவிடும்.

திருவாரூருக்கு 2011 அடர்த்தி 556. 12,64,277-ஐ 556-ஆல் வகுத்தால் சுமார் 2,274. ஆனால் பல பக்கங்களில் திருவாரூரின் பரப்பு 2,161 என்றும் அடர்த்தி 556 என்றும் ஒரே வரியில் இருக்கும். அந்த இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்கவே முடியாது. யாரோ ஒரு எண்ணை ஓரிடத்திலும் மற்றதை இன்னோரிடத்திலும் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள்.

இப்போது திண்டுக்கல் சிக்கலுக்கு வருவோம். 2019 நவம்பர் வரை பரப்பில் பெரியது விழுப்புரம், 7,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். கள்ளக்குறிச்சி பிரிந்ததும் அது இறங்கிவிட்டது. தென்காசி பிரிந்ததால் இரண்டாம் இடத்திலிருந்த திருநெல்வேலியும் இறங்கியது. மிஞ்சியவை திண்டுக்கல்லும் திருவண்ணாமலையும். திண்டுக்கல்லுக்கு 6,266, திருவண்ணாமலைக்கு 6,188 என்று வழக்கமாகச் சொல்கிறார்கள். அதன்படி திண்டுக்கல் பெரியது. ஆனால் திண்டுக்கல்லின் 2011 மக்கள்தொகை 21,59,775, அடர்த்தி 357. வகுத்தால் சுமார் 6,050. திருவண்ணாமலை 24,64,875, அடர்த்தி 398. வகுத்தால் சுமார் 6,193. கணக்கெடுப்பு பயன்படுத்திய பரப்பின்படி திருவண்ணாமலைதான் பெரியது!

தேர்வில் கேட்டால் திண்டுக்கல் என்றே எழுதுங்கள், வினாத்தாள் தயாரிப்பவர் பெரும்பாலும் அந்த ஏட்டைத்தான் பார்த்திருப்பார். நான் ஒரு தடவை ஓர் ஊர் வினாடி வினாவில் நடுவரிடம் போய் இந்தக் கணக்கை விளக்கப் பார்த்தேன். "சார், அடுத்த கேள்விக்குப் போகலாமா?" என்றார்.

காரைக்கால் 157 சதுர கிலோமீட்டர்தானே. அதுதானே டெல்டாவிலேயே சிறிய மாவட்டம்?

டெல்டாவில் ஆமாம். தமிழ்நாட்டு வரிசையில் அதற்கு இடமே இல்லை, ஏனென்றால் அது புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் மாவட்டம். அங்கே நான்கு மாவட்டங்களில் பரப்பிலும் ஆள் கணக்கிலும் அது இரண்டாவது பெரியது! 2011-இல் இரண்டு லட்சம் பேர்தான், ஆனால் மாஹேயும் ஏனாமும் அதைவிடப் பொடிசு. மாஹே 9 சதுர கிலோமீட்டர்.

பழைய நாகை மாவட்டம் பிரிந்ததற்கும் காரைக்காலுக்கும் தொடர்பு உண்டு. நடுவில் காரைக்காலும் திருவாரூர் மாவட்டமும் புகுந்துகொண்டதால் நாகை இரண்டு துண்டாகக் கிடந்தது. சீர்காழிக்காரர் கலெக்டர் ஆபீசுக்குப் போக வேண்டுமென்றால் இன்னொரு மாவட்டத்தையோ இன்னொரு ஆட்சிப் பகுதியையோ கடந்துதான் போக வேண்டும். என் அப்பா ஒரு சான்றிதழுக்காக மூன்று தடவை அப்படி அலைந்திருக்கிறார். மயிலாடுதுறை தனி மாவட்டம் வேண்டும் என்ற நெடுநாள் கோரிக்கைக்கு இதுதான் அடித்தளம்.

பிரிந்த மாவட்டம் மறுபடி சேர்ந்ததும் உண்டாமே?

அரியலூர். 2001 ஜனவரி 1-இல் பெரம்பலூரிலிருந்து பிரிந்தது. மார்ச் மாதக் கணக்கெடுப்பில் தனி மாவட்டமாகப் பதிவானது. 2002 மார்ச் 31-இல் திரும்பப் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். 2007 நவம்பரில் மறுபடி பிரித்தார்கள். இடைப்பட்ட ஐந்தரை ஆண்டுகளில் வந்த பட்டியல்களில் சிலவற்றில் அரியலூர் இருக்கும், சிலவற்றில் இருக்காது. அது இல்லாத பட்டியலில் பெரம்பலூர் கடைசி மாவட்டமாகவும் இருக்காது.

ஒரு பட்டியல் நம்பக்கூடியதா என்று வீட்டிலேயே சோதிக்க முடியுமா?

முடியும், கூட்டிப் பாருங்கள். 2011 மக்கள்தொகையைப் போட்டிருந்தால் மாவட்டங்கள் 32 ஆனாலும் 38 ஆனாலும் கூட்டுத்தொகை 7,21,47,030 வர வேண்டும். பரப்பு சுமார் 1,30,060 சதுர கிலோமீட்டர் வர வேண்டும். கோடு எங்கே நகர்ந்தாலும் மாநில மொத்தம் நகராது.

மொத்தம் அதிகமாக வந்தால் பெரும்பாலும் இரட்டை எண்ணிக்கை. 2018-இல் சென்னை மாவட்டம் 176 சதுர கிலோமீட்டர் அளவிலிருந்து 426-ஆக விரிந்தபோது காஞ்சிபுரம், திருவள்ளூர் பகுதிகள் அதில் சேர்ந்தன. சென்னைக்கு விரிந்த எண்ணைப் போட்டுவிட்டு திருவள்ளூருக்குப் பழைய 37,28,104-ஐ அப்படியே விட்ட பட்டியல்கள் நிறைய. அம்பத்தூர்க்காரர் அதில் இரண்டு மாவட்டத்திலும் இருப்பார்.

மொத்தம் குறைந்தால் ஏதோ ஒரு பகுதி நழுவியிருக்கிறது. பரவலாகத் தரப்படும் மயிலாடுதுறை 9,18,356, நாகை 6,97,069 இரண்டையும் கூட்டிப் பாருங்கள்: 16,15,425. பழைய நாகையைவிட 1,025 பேர் குறைவு. நீலகிரிக்கும் நாகைக்கும் இடையே முப்பத்தெட்டாயிரம் பேர் இடைவெளி இருப்பதால் இந்த ஆயிரம் பேர் இடத்தை மாற்றாது. இதே ஆயிரம் பேர் கோவை, விழுப்புரம் இடையே நழுவியிருந்தால் மாற்றியிருக்கும்.

இடம் இறங்கினால் மாவட்டத்துக்கு வரும் எம்.பி., எம்.எல்.ஏ. குறையுமா?

குறையாது. தொகுதி எல்லை வேறு, மாவட்ட எல்லை வேறு. மயிலாடுதுறை மக்களவைத் தொகுதியில் இன்றும் தஞ்சாவூர் மாவட்டத்தின் கும்பகோணம், பாபநாசம், திருவிடைமருதூர் சட்டமன்றத் தொகுதிகள் இருக்கின்றன.

38 மாவட்டங்களுக்கு உண்மையான வரிசை எப்போது வரும்?

2021 கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் 38 மாவட்டங்களை எண்ணி எடுத்த பட்டியல் ஒன்றுகூடக் கிடையாது. இப்போது புழங்குவதெல்லாம் 2011 தலைகளைப் புதுக் கோட்டில் பிரித்து அடுக்கியவை. அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 தொடங்கும் நள்ளிரவை, எந்த நேரத்து மக்கள்தொகை என்பதைக் குறிக்கும் நேரமாக அறிவித்திருக்கிறார்கள். அதற்கு வசதியாக 2025 டிசம்பர் 31-உடன் எல்லைகளை உறைய வைத்துவிட்டார்கள். எண்ணி முடிக்கும்வரை வட்டம், மாவட்டம் எதையும் மாற்றக்கூடாது என்பதுதான் அதன் பொருள். இல்லாவிட்டால் ஒரே கிராமத்தை இரண்டு பேர் எண்ணுவார்கள், அல்லது ஒருவருமே எண்ண மாட்டார்கள்.

முதலில் தற்காலிக எண் வரும். நாகை நீலகிரியைத் தாண்டியதா, பெரம்பலூர் நாகையை நெருங்கியதா என்று அன்றைக்கே வாட்ஸ்அப்பில் சுற்றும். இறுதி எண் வரும்வரை பொறுத்திருந்து புத்தகத்தில் திருத்திக்கொள்ளுங்கள். எல்லை உறைவு நீங்கியதும் கும்பகோணம் தனி மாவட்டம் கேட்பவர்கள் மறுபடி கிளம்புவார்கள். கிடைத்தால், அந்தப் பட்டியலும் பழசாகிவிடும்.